ஆவி படத்தில் விழவில்லையா? சூடான வெண்பொங்கலைப் படமெடுக்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வும்

மெஸ் அல்லது டிபன் கடைக்கு மெனுப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். இலையில் வைத்த பொங்கல் ஆவி பறக்க இருந்தது, படத்தில் பார்த்தால் நேற்று மிச்சமான சோறு மாதிரி இருக்கிறது. கோளாறு ஒளியிலும் இருக்கலாம், உணவிலும் இருக்கலாம், கேமரா அமைப்பிலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் பொங்கல் ஆறிவிடும். அதனால் அறிகுறியைப் பார்த்து வழியைத் தேடும்படி இதை எழுதியிருக்கிறோம். உதாரணத்துக்கு வெண்பொங்கலையே முழுக்க வைத்துக்கொள்கிறோம். வெள்ளை நிறம், நிமிடத்துக்கு நிமிடம் இறுகும் பதம், உறையும் நெய் என்று படமெடுப்பவருக்கு வரக்கூடிய தொல்லைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பொங்கலுக்குச் சரிப்பட்ட ஏற்பாடு இட்லிக்கும் சுடுசாதத்துக்கும் தாராளமாகப் போதும்.

முதலில் ஒரு டம்ளர் வெந்நீர்

பொங்கலைப் பரிமாறுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். தட்டு வைக்கப்போகும் அதே இடத்தில், அப்போதுதான் கொதித்து இறக்கிய வெந்நீர் ஒரு டம்ளர் வையுங்கள். கேமராத் திரையில் பாருங்கள். வெந்நீரின் ஆவியே திரையில் தெரியவில்லை என்றால் கோளாறு ஒளியில் இருக்கிறது. அடுத்த பகுதியைப் படியுங்கள். வெந்நீரின் ஆவி நன்றாகத் தெரிந்து, பொங்கல் வைத்தால் மட்டும் காணவில்லை என்றால் கோளாறு உணவில் இருக்கிறது. 'வெந்நீரில் ஆவி வருகிறது' என்ற பகுதிக்குப் போய்விடலாம். பத்து விநாடி வேலை இது. ஒரு தட்டுப் பொங்கல் வீணாவதை மிச்சப்படுத்தும்.

கண்ணுக்குத் தெரியும் ஆவி படத்தில் இல்லை

நாம் ஆவி என்று பார்ப்பது உண்மையில் நீராவி அல்ல. நீராவிக்கு நிறமே கிடையாது. சூடாக மேலே எழுந்தது குளிர்ந்த காற்றில் பட்டு மிக நுண்ணிய நீர்த்திவலைகளாக மாறும்போதுதான் வெண்மையாகத் தெரிகிறது. இந்தத் திவலைகள் தம்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை, ஒளி போய்க்கொண்டிருந்த திசையிலேயே முன்னோக்கிச் சிதறவிடுகின்றன. வந்த பக்கம் திருப்பி அனுப்புவது கொஞ்சம்தான். கேமராவின் பக்கத்திலிருந்து விளக்கடித்தால் ஆவி தெரியாததற்குக் காரணம் இதுதான். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் அது அடியோடு மறைந்துவிடும். ஆவிக்குப் பின்னாலிருந்து ஒளி வந்தால் அது கேமராவை நோக்கிச் சிதறி, ஆவி பளிச்சென்று எழும்பும்.

இடத்தைப் புரிந்துகொள்ளத் தட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் கேமராவும் 6 மணியில் நிற்கிறீர்கள். ஜன்னலோ வாசலோ 9 மணியிலோ 3 மணியிலோ இருந்தால் அது முழுப் பக்கவாட்டு ஒளி. பொங்கலின் மேடுபள்ளம், மிளகின் உருட்சி, முந்திரியின் வளைவு எல்லாம் நிழலோடு தெரியும், ஆவி மட்டும் மங்கலாகத்தான் இருக்கும். 12 மணியில் இருந்தால் ஆவி கொழுந்துவிடும், ஆனால் பொங்கலின் முன்பக்கம் இருண்டு, நெய்யும் இலையும் கண்ணாடிபோல் கூசும். இரண்டுக்கும் நடுவே 10 மணி அல்லது 2 மணிதான் வேலைக்கு ஆகும் இடம். ஒளியை நகர்த்த முடியாத வீட்டில் தட்டையும் உங்களையும் சுற்றி நகர்த்துங்கள், விளைவு ஒன்றுதான்.

ஒளி சரியாக இருந்தும் ஆவி தெரியவில்லை என்றால் பின்னணியைப் பாருங்கள். வெண்மையான ஆவிக்குப் பின்னால் சுண்ணாம்படித்த சுவர் இருந்தால் எதைப் பார்க்க முடியும்? பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், அந்த இருட்டின் மேல் ஒளி விழவும் கூடாது. பலரும் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். வெயில் பட்ட கறுப்புத் துணி படத்தில் சாம்பலாகிவிடும். தட்டுக்கும் பின்னணிக்கும் நடுவே மூன்று நான்கு அடியாவது விட்டு, பின்னணி நிழலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் இதற்கென்று எதுவும் வாங்க வேண்டியதில்லை. கூடத்தின் ஓரத்தில் தட்டை வைத்து, முற்றத்து வெளிச்சம் 10 மணியிலிருந்து வரும்படி உட்கார்ந்து, பின்னால் ஓர் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டால் போதும். அந்த அறையின் இருட்டைவிட நல்ல பின்னணி கிடையாது. முற்றத்து வெளிச்சம் மேலிருந்து விழும் என்பதால் தட்டு முற்றத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது. இரண்டு மூன்று அடி கூடத்துக்குள் தள்ளி வைத்தால்தான் ஒளி சாய்ந்து வரும்.

கேமராவின் உயரமும் ஒரு காரணம். தலைக்கு நேர் மேலிருந்து எடுத்தால் ஆவிக்குப் பின்னணியாக இருப்பது வெள்ளைப் பொங்கலே. கேமராவை இறக்கி, மேசை மட்டத்திலிருந்து 20 முதல் 30 பாகை கோணத்தில் பிடித்தால் ஆவி தட்டின் விளிம்பைத் தாண்டி இருட்டுக்குள் எழும்.

ஆவி தெரிகிறது, பொங்கல் இருண்டு கிடக்கிறது

பின்பக்க ஒளிக்கு நாம் கொடுக்கும் விலை இது. ஒளிக்கு எதிர்ப்பக்கம், அதாவது 10 மணியிலிருந்து ஒளி வந்தால் 4 மணியில், ஒரு வெள்ளைச் சார்ட் தாளையோ தெர்மோகோல் பலகையையோ தட்டுக்கு ஓரடி தூரத்தில் நிறுத்துங்கள். பொங்கலின் முன்பக்க நிழல் இளகுவது கண்ணுக்கே தெரியும். முழுக்க நிழலை அழித்துவிடாதீர்கள். நிழல் போனால் உருட்சியும் போய்விடும். தாளை முன்னும் பின்னும் நகர்த்தி, நிழலுக்குள் கிடக்கும் ஒரு மிளகு தனியாக அடையாளம் தெரியும் அளவில் நிறுத்திக்கொள்வது நல்ல அளவு. எவர்சில்வர் தட்டையோ அலுமினியத் தாளையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது வெளிச்சத்தைப் பரப்பாமல் திட்டுத்திட்டாக அடிக்கும்.

நேர் வெயில் என்றால் வேறு சிக்கல். பொங்கலின் மேல்பரப்பு வெளிறிப்போகும். வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக வெயிலுக்குக் குறுக்கே கட்டினால் ஒளி மென்மையாகும். ஆனால் ஆவிக்குக் கொஞ்சம் கடினமான ஒளிதான் பிடிக்கும், பொங்கலுக்குத்தான் மென்மையான ஒளி வேண்டும். இந்த இரண்டு தேவையும் முரண்படுவதால் பலர் ஏதோ ஒன்றை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. வேட்டியின் மேல் விளிம்பை இறக்கிக் கட்டி, ஒரு கையகல வெயில் அதற்கு மேலே தப்பி, பொங்கலைத் தொடாமல் அதன் தலைக்கு மேலாகப் போகும்படி விடுங்கள். பொங்கலுக்கு வேட்டி வழியாக வந்த ஒளி, ஆவிக்கு நேர் வெயில்.

வெந்நீரில் ஆவி வருகிறது, பொங்கலில் வரவில்லை

இங்கே முதல் குற்றவாளி நெய். அழகுக்காக மேல்பரப்பு முழுவதும் நெய்யை ஊற்றிவிட்டால் அது படலமாகப் பரவி, கீழே இருக்கும் நீர் ஆவியாகாமல் மூடிவிடும். எண்ணெய் மிதக்கும் குழம்பு எவ்வளவு கொதிப்பாக இருந்தாலும் ஆவி குறைவாக விடுவதும், குடிக்கும்போது வாயைச் சுடுவதும் இதனால்தான். எனவே நெய்யை ஓரிடத்தில் மட்டும், ஒரு சிறு குழியில், ஆவிப் படங்களை எடுத்து முடித்த பிறகே ஊற்றுங்கள்.

இரண்டாவது, மேல்பரப்பு ஆறிவிடுவது. பொங்கல் கெட்டியான பண்டம். மேலே ஒரு தோல்போல ஆறி இறுகினாலும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருக்கும். ஆவி நின்றுவிட்டது என்று தட்டைத் தூக்கிப்போட வேண்டாம். கரண்டி நுனியால் மேட்டின் ஒரு பக்கத்தை, ஒளி வரும் பக்கத்தை, மெல்லக் கீறித் திறந்தால் உள்ளே அடைபட்ட ஆவி ஒரே மூச்சில் வெளிவரும். அது ஐந்தாறு விநாடிக்குத்தான் வலுவாக இருக்கும் என்பதால் கீறுபவரும் படமெடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். இட்லியைப் பிட்டு வைப்பதும் வடையை உடைத்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மூன்றாவது, பரிமாறும் முறை. இலையில் பரத்தி வைத்த பொங்கல் சீக்கிரம் ஆறும், குவித்து வைத்தது சூடு தாங்கும். எவர்சில்வர் தட்டு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், தட்டை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு அதன்மேல் ஏட்டு இலையை வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆவி இரண்டு விரற்கடை உயரத்திலேயே கரைந்துபோனால் அது பருவத்தின் வேலை. காற்று எவ்வளவு குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கிறதோ, அவ்வளவு நேரம் திவலைகள் காயாமல் நிற்கும். மார்கழிக் காலையில் சம்பா வயல்மேல் பனி நிற்கும் நேரத்தில் ஒரு டம்ளர் காப்பிகூடப் புகைபோக்கி மாதிரி ஆவி விடுகிறது. சித்திரை நண்பகலில் அதே காப்பி, அதே சூடு, ஆவி கண்ணில் படுவதே இல்லை. கோடையில் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் விடிந்ததும் எடுங்கள். இல்லாவிட்டால் ஏசி அறையைக் குளிரவைத்து, எடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசியை அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஏசி காற்றை உலர்த்தவும் செய்யும், ஆவியைக் கலைக்கவும் செய்யும். மின்விசிறியையும் இரண்டு நிமிடம் முன்பே நிறுத்த வேண்டும். சுழற்சி நின்ற பிறகும் அறைக் காற்று கொஞ்ச நேரம் அலைந்துகொண்டிருக்கும்.

அப்படியும் போதவில்லை என்றால், பொங்கல் மேட்டுக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாதபடி ஒரு சிறு கிண்ணத்தில் கொதிநீர் வைப்பது ஏற்கத்தக்க உதவி. சாம்பிராணியோ ஊதுபத்தியோ வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊதுபத்திப் புகை நீலம் கலந்து ஒற்றை இழையாக நேரே எழும்பும். ஆவியோ பரப்பிலிருந்து அகலமாக எழுந்து, மேலே போகப்போகக் கரையும். பொங்கல் தின்று வளர்ந்தவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு உடனே பட்டுவிடும். தவிர, புகை வாடை ஏறிய பொங்கலை யார் சாப்பிடுவது? நல்ல அரிசியும் நெய்யும் வீணாகிவிடும்.

பொங்கல் சுண்ணாம்பு உருண்டை மாதிரித் தெரிகிறது

இறக்கி வைத்த பிறகும் அரிசியும் பருப்பும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆற ஆற மாவுச்சத்தும் இறுகும். சாப்பிடச் சரியான பதத்தில் இறக்கிய பொங்கல், கேமரா முன் வரும்போது கட்டியாகிவிடுகிறது. பரிமாறுவதற்குச் சற்று முன் இரண்டு மூன்று பேர் சாப்பிடும் அளவுப் பொங்கலுக்கு இரண்டு கரண்டி கொதிநீர் விட்டு அகப்பையால் கிளறுங்கள். பச்சைத்தண்ணீர் கூடாது, சூட்டைக் குறைத்துவிடும். இலையில் விட்டால் மெல்லத் தளர்ந்து ஓரம் உருண்டு நிற்க வேண்டும். ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது, அகப்பையின் வடிவம் அப்படியே நின்றால் இன்னும் அரைக் கரண்டி வேண்டும்.

நெய் மங்கலாக, மணல்மணலாகத் தெரிந்தால் அது உறையத் தொடங்கிவிட்டது. மார்கழிக் குளிரில் ஜாடி நெய்யே கட்டியாகிவிடும்போது, ஆறின பொங்கலின் மேல் ஊற்றியது தெளிவாக நிற்காது. நெய்யைக் கடைசி நிமிடத்தில் தனிக் கரண்டியில் உருக்கி, சூடாகவே விடுங்கள். கறிவேப்பிலையும் முந்திரியும் பானையிலேயே கிளறப்பட்டிருந்தால் கறுத்தும் நமுத்தும் இருக்கும். மேலே தெரிய வேண்டிய ஐந்தாறு முந்திரி, எட்டுப் பத்து மிளகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மட்டும் தனியாகத் தாளித்து எடுத்து வைத்துக்கொண்டு மேலே போடச் சொல்லுங்கள். சரக்கு மாஸ்டர் முகம் சுளிக்காத வேலை இது. அதே நெய்யில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெள்ளை வெள்ளையாக இல்லை

சாம்பல் நிறமாக இருந்தால் கேமரா ஏமாந்திருக்கிறது. படம் முழுக்க வெள்ளை நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். கறுப்புப் பின்னணி பெரிதாக இருந்தால் அதற்கு நேர்மாறாக ஏற்றிவிடும், பொங்கல் வெளிறும். அதனால் கேமராவின் கணக்கை நம்பாமல், பொங்கலின் மிகவும் வெளிச்சமான இடத்தில் பருக்கை பருக்கையாகத் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்து அளவை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தோடு குண்டு பல்போ டியூப் லைட்டோ கலந்திருக்கிறது. விளக்குகளை அணைத்துவிடுங்கள், பகல் ஒளி ஒன்று போதும். பச்சை படிந்திருந்தால் வாழையிலைதான் காரணம். ஒளி வரும் பக்கம் இலை அகலமாக விரிந்திருந்தால் அதில் பட்ட வெளிச்சம் பச்சையாகி பொங்கலின் ஓரத்தில் ஏறுகிறது. பொங்கலை இலையின் ஒளிப்பக்க விளிம்புக்கு நெருக்கமாக வைத்து, மிச்ச இலை மறுபக்கம் இருக்கும்படி செய்தால் குறைந்துவிடும்.

இலை என்றதும் ஒன்று. நுனி இலை போட்டு எடுத்தால் உண்பவரின் இடப்பக்கம்தான் நுனி இருக்க வேண்டும். அழகுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பினால் நுனி வலப்பக்கம் போய்விடும். ஆவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தஞ்சாவூர்க்காரர் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும்.

படம் முழுக்கப் பனிமூட்டம்

ஆவி ஓரிடத்தில் இல்லாமல் படம் மொத்தமும் வெளுத்திருந்தால் லென்ஸ் வியர்த்திருக்கிறது. ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ எடுத்து வந்த குளிர்ந்த கேமராவில் ஈரக்காற்று பட்டதும் லென்ஸ்மேல் நீர் படியும். துடைத்தால் மறுபடி படியும், கறையும் சேரும். வேலை தொடங்க அரைமணி முன்பே கேமராவைப் பைக்குள்ளேயே வெளிக்காற்றில் வைத்துவிடுங்கள், லென்ஸ் காற்றின் வெப்பத்துக்கு வந்துவிடும். கைபேசியைத் தட்டுக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் பிடிப்பவர்களுக்கு வேறு காரணம்: ஆவி நேரே லென்ஸில் ஏறுகிறது. இரண்டடி தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள்.

ஆவி உருவமில்லாத திட்டாக வருகிறது

ஷட்டர் மெதுவாக இருக்கிறது. 1/60 விநாடியில் ஆவி நகர்ந்து குழம்பிவிடும். 1/250 வைத்தால் சுருளும் மடிப்பும் கிடைக்கும். அதற்கு மேல் வேகம் கூட்டுவதில் பெரிய பயனில்லை, ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். தானியங்கிக் குவியம் ஆவியைப் பிடிக்க முயன்று முன்னும் பின்னும் ஓடினால், முன்னால் இருக்கும் ஒரு முந்திரியில் குவித்துப் பூட்டிவிடுங்கள். ஐஃபோனில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும், பிறகு விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். கைபேசியின் இரவு முறை பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும். அசையும் ஆவி அதில் அழிந்துபோகும் என்பதால் அதை அணைத்துவிட வேண்டும்.

ஒரு கும்பகோணத்துத் திண்ணையில் முழு வேலையும்

கிழக்குப் பார்த்த வாசல், தெருவோரத் திண்ணை, மார்கழி மாதம். சூரியன் ஆறரை மணியளவில் எழும், அதுவும் நேர்கிழக்கில் அல்ல, தெற்கே தள்ளி. ஏழேகாலுக்கு அது இன்னும் தாழ்வாகத்தான் இருக்கும், ஒளி திண்ணைமேல் சாய்ந்து தவழும். இந்த நேரத்தில் திண்ணையின் வடகோடியில் உட்கார்ந்து தெற்கே பார்த்தால், வெயில் இடப்பக்கம் பின்னாலிருந்து வருகிறது. நமக்கு வேண்டிய 10 மணி அதுதான். திண்ணையின் தென்கோடிச் சுவர் வடக்குப் பார்த்திருப்பதால் நிழலில் இருக்கும். அது வெள்ளைச் சுவராக இருந்தால் ஒரு கருநீலப் போர்வையைத் தொங்கவிடுங்கள்.

மணைப்பலகை ஒன்றை நடுவில் போட்டு, தெருப்பக்கம் தூணுக்குத் தூண் ஒரு வேட்டியை மேல்விளிம்பு இறக்கிக் கட்டுங்கள். 4 மணியில் சார்ட் தாள். சரக்கு மாஸ்டரிடம் சொல்லி முதல் அகப்பைப் பொங்கலை ஒத்திகைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்; அது ஆறிப்போனாலும் பரவாயில்லை. அதை இலையில் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள்: வடை எங்கே, சட்னிக் கிண்ணம் எங்கே, கேமரா எவ்வளவு தாழ்வு, தாள் எவ்வளவு கிட்டத்தில். தொடக்க அளவாக f/4, 1/250, ஐஎஸ்ஓ 400 வைத்து, பருக்கை தெரியும்வரை ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கலாம். குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பிறகு வெந்நீர் டம்ளரை வைத்து ஆவியைச் சோதியுங்கள். இவ்வளவும் முடியும்வரை உண்மையான பொங்கல் உள்ளே மூடிய பானையில் இருக்கட்டும். வெயில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் ஒத்திகைக்குக் கால்மணிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்தால் வேட்டியின் விளிம்பை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஒத்திகை இலையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புது இலை. ஆறினாலும் அழகு குறையாத சட்னியும் வடையும் முதலில் வந்துவிட வேண்டும். அதன் பிறகு கிளறிய பொங்கலைப் பானையோடு மணைக்குப் பக்கத்திலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். அடுப்படியில் இலையில் வைத்து, கூடமும் ரேழியும் கடந்து திண்ணைக்கு எடுத்துவருவதற்குள் நல்ல ஆவி பாதி போய்விடும். இரண்டு அகப்பை, குவியலாக. மேலே முந்திரி, மிளகு, கறிவேப்பிலை. இதற்குப் பதினைந்து விநாடி. கை விலகியதும் தொடர்படமாக இருபது முப்பது எடுங்கள். ஆவியின் உருவத்தை யாரும் வரைய முடியாது, நிறைய எடுத்து நல்லதைப் பொறுக்கத்தான் முடியும். எடுக்கும்போது தட்டின் பக்கம் மூச்சு விடாதீர்கள், பக்கத்தில் யாரும் நடக்கவும் வேண்டாம்.

அரை நிமிடம் கழித்து ஆவி தளரும். அப்போது உதவியாளர் ஒளிப்பக்கத்தைக் கரண்டியால் கீற, இரண்டாவது தொடர். மூன்றாவதாக உருகிய நெய்: கரண்டி படத்துக்குள் வரலாம், கை வர வேண்டியதில்லை. நெய் விழும் இழையின்மேல் பின்னொளி பட்டு அது பொன்கம்பியாகத் தெரியும் தருணம் ஒரு விநாடிகூட நீடிக்காது. அதனால் ஊற்றத் தொடங்கும் முன்பே பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், முடிய வேண்டும். சரியாக வரவில்லை என்றால் அந்தத் தட்டைச் சூடாக்கித் திரும்பக் கொண்டுவராதீர்கள். புதிதாக இரண்டு அகப்பை போடுவதே விரைவு, பழைய தட்டைச் சாப்பிட யாராவது காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

திரையில் இருந்த ஆவி, திருத்திய பிறகு காணவில்லை

படத்தைத் தானாகச் சீராக்கும் பொத்தானை அழுத்தினால் அது நிழலைத் தூக்கிவிடும். இருட்டாக இருந்த பின்னணி சாம்பலாகி ஆவி அதில் கரையும். அதேபோல் Dehaze என்ற பட்டையை வலப்பக்கம் தள்ளினால், மூட்டத்தை நீக்குவதற்கென்றே இருக்கும் அது ஆவியையும் மூட்டம் என்று நினைத்து நீக்கிவிடும். கறுப்பைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள், பொங்கலின் வெளிச்சத்தை மட்டும் தனியாகக் கூட்டுங்கள், ஆவி இருக்கும் பகுதியைத் தொடாதீர்கள். Dehaze பட்டையை அந்தப் பகுதியில் மட்டும் இடப்பக்கமாக இரண்டு மூன்று அளவு நகர்த்தினால் மெலிந்த ஆவி சற்றுத் தேறும். அதற்கு மேல் நகர்த்தினால் பொங்கல் பனிக்குள் போய்விடும்.